முத்துப்பிள்ளைக் கர்ப்பம்: வயிறு சுத்தமான பிறகும் இரத்தப் பரிசோதனை ஏன்?

(கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வேலை செய்யும் தோட்டத்துக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாங்கள் பேசப்போவது முத்துப்பிள்ளைக் கர்ப்பம் பற்றி. பிள்ளை உருவாக வேண்டிய கர்ப்பப்பையில், திராட்சைக் குலை போல நீர்க் கொப்புளங்கள் நிறைந்துவிடும் நிலை இது.

பெண்ணின் முட்டையும் ஆணின் விந்தணுவும் சரிபாதியாகச் சேர்ந்தால்தான் பிள்ளை உருவாகும். சில வேளைகளில், உள்ளே கரு இல்லாத வெறும் முட்டையில் விந்தணு சேர்ந்துவிடும். அப்போது பிள்ளை உருவாகாது. நச்சுக்கொடி மட்டும் கட்டுமீறி வளர்ந்து கொப்புளங்களாகும். இது முழு வகை. ஒரு நல்ல முட்டையில் இரண்டு விந்தணுக்கள் சேர்ந்தால் அரைகுறை வகை உண்டாகும். அதில் பிள்ளையின் சில பகுதிகள் இருந்தாலும் அது பிழைக்காது. கொழுந்துக் கூடை சுமந்ததாலோ, கண்ணூறு பட்டதாலோ இது வருவதில்லை. கரு சேர்ந்த அந்த நேரத்திலேயே நடந்துவிடும் பிழை இது. மனைவியையோ மருமகளையோ குற்றம் சொல்ல இதில் எதுவுமில்லை.

இதை வெளியில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். மாதவிலக்கு நிற்கும், வாந்தி வரும், சிறுநீர்ப் பரிசோதனையும் கர்ப்பம் என்றே காட்டும். ஏனென்றால் அந்தப் பரிசோதனை தேடுவது பிள்ளையை அல்ல. நச்சுக்கொடி சுரக்கும் எச்.சி.ஜி என்ற ஹோர்மோனைத்தான். வாந்தி அளவுக்கு மீறிப்போவது, மாதக் கணக்கைவிட வயிறு பெரிதாக இருப்பது, கபில நிறத்தில் இரத்தம் படுவது, இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கொப்புளம் போல ஏதும் வெளிவந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஸ்கேனில் முழு வகை பெரும்பாலும் தெரிந்துவிடும். பிள்ளையும் இதயத் துடிப்பும் இருக்க வேண்டிய இடத்தில், சிறு சிறு ஓட்டைகள் நிறைந்த கடற்பஞ்சு போன்ற படம் வரும். ஆனால் மிக ஆரம்பத்தில் எடுத்த ஸ்கேனிலும், அரைகுறை வகையிலும், சாதாரணக் கருச்சிதைவு போலவே தோன்றலாம். அதனால்தான் வெளியே எடுத்த சதையை ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை, மயக்கம் கொடுத்துக் கர்ப்பப்பையை உறிஞ்சிச் சுத்தம் செய்வதுதான். பலர் தவறவிடுவது அதன் பிறகு வரும் பகுதியை. இரத்தம் நின்றுவிட்டது, உடம்பு சுகம், கிளினிக் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று நின்றுவிடுகிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சில கலங்கள் உள்ளே தங்கி மறுபடியும் வளரலாம். முழு வகை வந்த 100 பெண்களில் ஏறக்குறைய 15 பேருக்கு இப்படி நடக்கிறது. அரைகுறை வகையில் இது மிகக் குறைவு. ஸ்கேனுக்குத் தெரியாத அந்தக் கலங்களும் எச்.சி.ஜி சுரக்கும். ஆகவே இரத்தத்தில் உள்ள அளவே நமக்குச் சாட்சி.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்யுமுன் ஒரு பெண்ணுக்கு அளவு 2,00,000. ஒரு வாரத்தில் 15,000, அடுத்த வாரம் 2,500, பிறகு 500, எட்டாம் வாரம் 5-க்கும் கீழ். இது நல்ல இறக்கம். இன்னொரு பெண்ணுக்கு 2,500 வரை இறங்கி, அடுத்த மூன்று வாரமும் 2,450, 2,520, 2,500 என்றே நிற்கிறது. உடம்பில் ஒரு நோவும் இல்லை. ஆனால் உள்ளே ஏதோ வளர்கிறது என்று அந்த எண்கள் சொல்லிவிட்டன. அளவு ஏறினாலும் அதே அர்த்தம்தான்.

இந்த இரண்டாவது பெண்ணும் பயப்பட வேண்டியதில்லை. 1956-இல் அமெரிக்காவில் மின் சியூ லீ என்ற வைத்தியர், நச்சுக்கொடியில் உண்டாகும் புற்றுநோயை மெதோட்ரெக்சேட் என்ற மருந்தால் குணப்படுத்தினார். இன்றும் அதே மருந்துதான் கொடுக்கப்படுகிறது. நேரத்தோடு கண்டுபிடித்தால் ஏறக்குறைய எல்லோருமே குணமடைகிறார்கள். பெரும்பாலானோருக்குப் பிறகு பிள்ளையும் பிறக்கும். தாமதித்தால் அது நுரையீரலுக்கும் பரவும்.

அளவு சரியான நிலைக்கு வந்த பின்னும், பெரும்பாலும் 6 மாதம் வரை மாதம் ஒருமுறை இரத்தம் பார்ப்பார்கள். அதுவரை மறுபடி கர்ப்பம் வேண்டாம். புதுக் கர்ப்பமும் எச்.சி.ஜியை ஏற்றும், அது பிள்ளையா நோயா என்று பிரித்தறிய முடியாமல் போகும். எந்தக் குடும்பக் கட்டுப்பாட்டு முறை பொருத்தம் என்று கணவனும் மனைவியும் சேர்ந்தே போய் கிளினிக்கில் கேளுங்கள்.

கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலையும், காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் அரசாங்கத்தினுடையவை. இங்கே சிகிச்சை பெற்றுத் தோட்டத்துக்குத் திரும்பும் சகோதரிகள் மூன்றைக் கையில் கொண்டுபோக வேண்டும்: நோய் விபரம் எழுதிய அட்டை, சதைப் பரிசோதனை அறிக்கை, இதுவரை வந்த எச்.சி.ஜி அளவுகள் திகதியோடு. அவற்றை மருத்துவமாதுவிடம் காட்டி, அடுத்த பரிசோதனை எங்கே, எந்தத் திகதி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் திகதியில் வேலைக்குப் பேர் விழாவிட்டாலும் பரவாயில்லை, இரத்தம் கொடுக்கப் போய்விடுங்கள்.