நால்வர் எழுத்தும் ஒரு சொல்லேடும்



பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை; 13 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர்நாடகம்; எழுதியவர்கள் நால்வர். அதன் மொழியைச் சீர்பார்க்கும் பணி ஒருமுறை நம்மிடம் வந்தது. முதற்பகுதியில் 'பினாங்கு' என்றிருந்த ஊர், அடுத்த பகுதியில் 'பினாங்' ஆகியிருந்தது. 'ஜொகூர்' ஓரிடத்திலும் 'ஜோகூர்' ஓரிடத்திலும் நின்றன. இவற்றையேனும் பொறுத்துக்கொள்ளலாம். முதற்பகுதியில் மாமியாரை 'அத்தை' என்றழைத்த மருமகள் நான்காம் பகுதியில் 'மாமி' என்றழைத்தாள். காண்போர் வேறொரு பாத்திரம் வந்துவிட்டதென்றே கருதுவர். ஆகவே சொல்லேடு என்பது ஊர்ப்பெயர்ப் பட்டியல் மட்டுமன்று. யார் யாரை எவ்வாறு விளிக்கிறார், 'நீ' என்கிறாரா 'நீங்கள்' என்கிறாரா என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

ஒரு பதிவில் என்னென்ன வேண்டும்? ஏற்ற வடிவம் முதலில். அடுத்து, தள்ளிய வடிவங்கள். பலரும் இதனை விட்டுவிடுகின்றனர். தள்ளியவற்றை எழுதி வைத்தால்தான் கைப்படிகளில் அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க இயலும். மூன்றாவதாக வேற்றுமை ஏற்ற வடிவம்: மலாக்கா, மலாக்காவில், பினாங்கு, பினாங்கில், தோ பாயோ, தோ பாயோவில். நான்காவதாக ஒலிப்புக் குறிப்பு. 'பிடோக்', 'பாசிர் ரிஸ்' இரண்டும் தமிழில் ஒரே பகரத்தில் தொடங்குகின்றன. ஆனால் முன்னதன் பகரம் 'பாலன்' என்னும் பெயரில் ஒலிப்பது போன்றது. பின்னதன் பகரம் 'பாட்டு' என்பதில் ஒலிப்பது போன்றது. சிங்கப்பூரில் பிறந்தவர்க்கு இது சொல்லாமலே விளங்கும். தமிழகத்திலிருந்து வந்து நடிப்பவர்க்கு நம் எழுத்து அதனைக் காட்டாது. ஆங்கில எழுத்துவடிவத்தையும் பதிவிலேயே அருகில் குறித்துவிட்டால் ஐயம் பெரும்பாலும் தீரும்.

வேற்றுமை வடிவத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்பதற்கு அத்தொடரிலேயே சான்றுண்டு. குழுவினர் ஒருவர், 'பினாங்' என்று வருமிடமெல்லாம் 'பினாங்கு' என மாற்றுமாறு கணினிக்கு ஒரே கட்டளை கொடுத்தார். பினாங்கு என்னும் சொல்லுக்குள்ளேயே பினாங் என்னும் எழுத்துத்தொடர் இருக்கிறதல்லவா? சரியாக இருந்த 'பினாங்கு' அனைத்தும் 'பினாங்குகு' ஆயின. 'பினாங்கில்' என்றிருந்தவை 'பினாங்குகில்' ஆயின. ஒட்டுநிலை மொழியில் சொல்லின் ஈறு மாறிக்கொண்டே இருக்கும். மொத்தமாக மாற்றும் கட்டளை இங்கே பொருந்தாது. தேடிக் காட்டச் செய்து, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே வழி. வேலை சற்று நீளும்தான். இன்னொன்றும் உண்டு. 'ஜொகூர்' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சில மென்பொருள்களின் தேடலுக்கு வேறு வேறு. ஆகவே தேடியும் கிட்டாத ஒரு சொல் கண்முன்னே நின்றால், எழுதியவர் தட்டிய முறையை ஐயுறுக.

கலைச்சொற்களுக்கு வருவோம். சிங்கப்பூரில் 'உயர்நிலைப்பள்ளி' எனப்படுவது மலேசியாவில் 'இடைநிலைப்பள்ளி' எனப்படும். நம் கதையோ இரு நாட்டிலும் நடக்கிறது. ஒருமை வேண்டுமென்று ஒன்றை மட்டும் கொள்வது பிழை. பினாங்கில் பேசுவோர்க்கு இடைநிலைப்பள்ளி, சிங்கப்பூரில் பேசுவோர்க்கு உயர்நிலைப்பள்ளி என இரு பதிவுகளாகவே வைத்தோம். அவ்வாறே கதைசொல்லி 'பெருவிரைவு ரயில்' எனலாம்; அதில் ஏறும் பேரன் 'எம்ஆர்டி' என்றுதான் சொல்வான். எழுத்தாளருள் ஒருவர் உரையாடலிலும் தூயசொல்லே வேண்டுமென வாதிட்டார். அவருடைய தமிழ்ப்பற்றை மதிக்கிறோம். ஆயினும் பாத்திரத்தின் வாய்மொழியைத் திருத்துவது சொல்லேட்டின் வேலையன்று. உரையாடலில் 'எம்ஆர்டி' என்பதை நால்வரும் ஒரே வகையாக எழுதுவதே, இடையில் புள்ளி வைப்பதா வேண்டாவா என்பது உட்பட, அதன் வேலை.

சொல்லேட்டைத் திருத்தும் உரிமை ஒருவரிடமே இருத்தல் நன்று. மற்ற மூவரும் புதுச்சொல் வேண்டின் அவருக்கு எழுதித் தெரிவிப்பர். அவர் முடிவையும் நாளையும் குறித்து, அன்றே அனைவர்க்கும் அனுப்புவார். முடிவுக்குக் காத்திருக்கும் சொல்லைக் கைப்படியில் அடைப்புக்குறிக்குள் இட்டுவிடுவது நம் வழக்கமாயிருந்தது. ஒலிப்பதிவு நாளில் அடைப்புக்குறி எஞ்சியிருந்தால் வேலை முடியவில்லை என்பது எல்லார்க்கும் தெரிந்துவிடும். மூன்று பகுதிகள் ஒலிப்பதிவான பிறகு, 'சயாம் மரண ரயில்' என்பதற்கு மாறாக 'சயாம் - பர்மா ரயில்பாதை' என்பதே தகும் என ஒருவர் காரணங்காட்டினார். காரணம் நல்ல காரணமே. ஆனால் பாட்டனார் பாத்திரம் மும்முறை 'மரண ரயில்' என்று பேசிமுடித்திருந்தார். அவர் வாயில் பழைய சொல்லையே நிறுத்தி, கதைசொல்லியின் பகுதிகளுக்கு மட்டும் புதியதை ஏற்று, பதிவில் நான்காம் பகுதி முதல் என்று எழுதி வைத்தோம்.