கடைப் பக்கம் தேடுபவர் கண்ணில் பட



காரைக்காலில் ஒரு சகோதரி வீட்டிலிருந்தே இணையத்தில் பத்தமடைப் பாய் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கம் நம் சமுதாயக் குடும்பங்கள் நெய்யும், புவிசார் குறியீடு பெற்ற கோரைப் பாய் அது.

பக்கத்தின் தலைப்பு "சூப்பர் பாய் 01" என்றிருந்தால் தேடுபவருக்கு அது அகப்படாது. "பத்தமடை கோரைப் பாய், திருமணத்துக்கு, 6 அடிக்கு 3 அடி" என்றால், வாங்குபவர் தட்டும் சொற்களே அதில் இருக்கும். ஊர்ப் பெயரை Pathamadai என்றும் Pattamadai என்றும் தட்டுவார்கள்; இரண்டையும் விவரத்தில் ஒருமுறை எழுதுவோம். keywords பெட்டியில் சொற்களை அடுக்குவது வீண் வேலை. அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

படத்தை IMG_2041.jpg என்றே ஏற்றிவிடாமல், alt பெட்டியில் "மணமக்கள் பெயர் நெய்த சிவப்புக் கரைப் பாய்" என்று உள்ளதை எழுதுவோம். பார்வையற்றவரின் கைபேசி அதைத்தான் வாசித்துச் சொல்லும்.

திருமணப் பாய், தொழுகைப் பாய், படுக்கைப் பாய் என மூன்று வகை போதும். முகப்பிலிருந்து வகைக்கும், வகையிலிருந்து ஒவ்வொரு பாய்க்கும் இணைப்பு வேண்டும். இணைப்பில்லாத பக்கம் கூகுள் கண்ணில் படுவது அரிது.

சில வாரம் கழித்து, கூகுளில் site: என்று தட்டி, இடைவெளி விடாமல் கடை முகவரியைச் சேர்த்துத் தேடினால், சேர்ந்த பக்கங்கள் தெரியும். இவ்வளவு செய்தாலும் முதலிடம் உறுதியில்லை. அதை உறுதியாகத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம்.