21 நாளும் 35 நாளும்

"டாக்டர், எனக்கு மாசத்துக்கு ரெண்டு தடவை வருது." மகளிர் மருத்துவர்களிடம் அடிக்கடி வந்து சேரும் கவலை இது. அதே வரிசையில் காத்திருக்கும் இன்னொருவர், "எனக்கு எப்பவுமே தள்ளித்தான் போகும்" என்பார். இரண்டு பேர் மனதிலும் 28 என்ற எண் பதிந்திருக்கிறது. அதிலிருந்து விலகினால் உடம்பில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள்.

அந்த 28 ஒரு சராசரிதான். கைபேசிச் செயலியில் பெண்கள் குறித்துவைத்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சரியாக 28 நாளில் முடிந்த சுழற்சிகள் அதில் சுமார் 13 சதவீதம்தான். சராசரியே 29 நாளைத் தாண்டியது. வழக்கமாக மருத்துவர்கள் 21 முதல் 35 நாள் வரை இயல்பு என்பார்கள். உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2018இல் 24 முதல் 38 நாள் வரை என்று வகுத்தது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம். பெரும்பாலான பெண்களுக்கு எந்த இடைவெளியில் வருகிறது என்று பார்த்துப் போட்ட கோடுகள் இவை. கோட்டுக்கு வெளியே இருப்பதாலேயே அது நோய் ஆகிவிடாது. ஏன் என்று ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவே.

முதலில் எண்ணும் முறையைச் சரிசெய்துகொள்வோம். உதிரம் நன்றாகப் படத் தொடங்கிய நாள்தான் 1ஆம் நாள். அடுத்த முறை தொடங்குவதற்கு முந்தைய நாளோடு அந்தச் சுழற்சி முடிகிறது. பலர் உதிரம் நின்ற நாளிலிருந்தோ தலைக்குக் குளித்த நாளிலிருந்தோ எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால் 26 நாள் சுழற்சி 21 நாளாகத் தெரியும். தேவையில்லாத பயம் வரும்.

இப்போது இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவருக்கு மார்ச் 3, மார்ச் 24, ஏப்ரல் 14, மே 5. ஒவ்வொன்றுக்கும் இடையில் சரியாக 21 நாள். மார்ச்சில் இரண்டு முறை வந்துவிட்டதால் அவருக்கு அச்சம். இரண்டாமவருக்குப் பிப்ரவரி 8, மார்ச் 15, ஏப்ரல் 19. அவருடைய இடைவெளி 35 நாள். ஒருவருக்கு ஆண்டில் 17 முறை, மற்றவருக்குப் பத்து முறை. இருந்தாலும் இருவருமே நலமாக இருக்கலாம்.

காரணம் இதுதான். சுழற்சிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. சினைப்பையில் ஒரு கருமுட்டை முதிர்ந்து வெளிவரும் வரை முதல் பகுதி. வெளிவந்த பின் அடுத்த உதிரம் வரை இரண்டாம் பகுதி. இரண்டாம் பகுதி பெரும்பாலும் 12 முதல் 14 நாளுக்குள் முடிந்துவிடும். நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் முதல் பகுதிதான். 21 நாள்காரருக்குக் கருமுட்டை 8ஆம் நாள் வாக்கிலேயே வந்துவிடுகிறது. 35 நாள்காரருக்கு 22ஆம் நாள் வரை காத்திருக்கிறது. முட்டை ஒழுங்காக வெளிவருகிறது என்றால், சீக்கிரம் வந்தாலும் தாமதித்து வந்தாலும் உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்றே கொள்ளலாம்.

இதைத் தெரிந்துகொள்ளாததால் வரும் தொல்லைகள்தான் என்னை அதிகம் வருத்துகின்றன. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு, கருமுட்டை வெளியானதா என்று அறிய 21ஆம் நாளில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். அந்த 21 என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. நம் 35 நாள்காரர் மார்ச் 15இலிருந்து எண்ணி ஏப்ரல் 4இல் ரத்தம் கொடுத்தால், அவருடைய கருமுட்டை இன்னும் வெளிவந்தே இருக்காது. முடிவு குறைவாக வரும். "முட்டையே உருவாகவில்லை" என்று அவர் கலங்கிப்போவார். அதே பரிசோதனையை ஏப்ரல் 11 வாக்கில், அதாவது அடுத்த உதிரத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னால் செய்திருந்தால் நல்ல முடிவு வந்திருக்கும்.

அவர் கருவுற்றாலும் இதே சிக்கல் தொடரும். கடைசி உதிர நாளை வைத்துத் தேதி போட்டால், முதல் ஸ்கேனில் கரு ஒரு வாரம் சிறியதாகத் தெரியும். வளர்ச்சி குறைவு என்று வீடே பதறும். உண்மையில் கரு தரித்ததே ஒரு வாரம் தாமதமாகத்தான். ஆகவே ஸ்கேன் எடுக்கும்போது "எனக்கு 35 நாள் சுழற்சி" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

21 நாள்காரருக்கு வரும் சிக்கல் வேறு. உதிரம் நின்றதும் ஒரு வாரம் பாதுகாப்பான நாள்கள் என்று நம்புகிறவர்கள் பலர். ஆணின் விந்தணு பெண்ணின் உடலில் 5 நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும். ஏப்ரல் 14இல் உதிரம் தொடங்கி 18இல் நின்று, 21 வாக்கில் முட்டை வெளிவரும் பெண்ணுக்கு அந்த 'பாதுகாப்பான' வாரம்தான் கருத்தரிக்கும் வாரம்.

அவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று ரத்த இழப்பு. ஆண்டுக்கு 17 முறை என்பதால், ஒவ்வொரு முறையும் அளவு இயல்பாக இருந்தாலும் இரும்புச்சத்து மெல்ல மெல்லக் குறையலாம். படியேறினால் மூச்சு வாங்குகிறதா, சீக்கிரம் அசந்துபோகிறீர்களா என்று பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 21 நாள் இடைவெளியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனை மட்டும் ஒருமுறை செய்துகொள்ள வேண்டும்.

அப்படியென்றால் எப்போது கவலைப்பட வேண்டும்? என் முதல் கேள்வி எப்போதுமே, "முன்பு எப்படி இருந்தது?" என்பதுதான். பத்து வருடமாக 35 நாளில் வருபவரைவிட, 28 நாளில் வந்துகொண்டிருந்து இந்த ஆண்டு திடீரென்று 21க்கோ 40க்கோ மாறியவரைத்தான் நான் கூடுதலாக விசாரிப்பேன். நாற்பதை ஒட்டிய வயதில் இடைவெளி சற்றுக் குறுகுவது இயற்கை. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரை போவதும் அப்படியே. மற்ற வயதுகளில் ஒவ்வொரு முறையும் இடைவெளி ஏழெட்டு நாளுக்கு மேல் கூடிக் குறைந்தால், 30, 52, 27 என்று தாறுமாறாக வந்தால், முட்டை ஒழுங்காக வெளிவரவில்லை என்று பொருள்படலாம். தைராய்டு, பி.சி.ஓ.டி., உடல் எடை வேகமாகக் கூடுவது அல்லது குறைவது ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். நாள் தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனைதான்.

இடையில் படும் உதிரத்தையும் சுழற்சி என்று எண்ணிவிடக் கூடாது. உறவுக்குப் பிறகு படுவது, இரண்டு முறைக்கு நடுவே படுவது, எட்டு நாளைத் தாண்டி நீடிப்பது, மணிக்கு ஒரு நாப்கின் நனைவது, மூன்று மாதம் வராமலே இருப்பது: இவற்றில் எதுவானாலும் 21, 35 என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் போங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அவர்களுக்கு வருவது மாத்திரையின் சுழற்சி.

நேயர்களே, சமையலறை நாள்காட்டியில் உதிரம் தொடங்கும் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவாருங்கள். ஆறு மாதம் போட்டபின் இடைவெளிகளை எண்ணிப் பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தேதிகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.