முதல்நாள் இரவு எழுதி வைக்கிற வாழ்த்து

(மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடையைப் பெரிதாக மாற்றவில்லை.)

போன் பிறந்தநாளை ஞாபகப்படுத்துவதும், முதல்நாள் இரவே வாழ்த்தை எழுதி நேரம் குறித்து வைத்துவிட்டு நாங்கள் படுக்கப் போவதும் பற்றித்தான் கதைக்கப்போறன். இது என்ன பெரிய விசயம் என்று சிலர் நினைப்பீங்கள். ஆனால் எங்கட ஆட்கள் ஏழெட்டு நாடுகளில் சிதறி இருக்கினம். கனபேரோட வருசத்துக்கு ஒருக்கா, அந்த ஒரு நாளில்தான் கதைக்கிறம். அந்த ஒரு செய்தி பிழையான நேரத்துக்குப் போனால், திருத்த அடுத்த வருசம்தான்.

முன்னம் இந்த வேலையை வீட்டில ஆர் செய்தது? அம்மாமார்தான். சுவர்க் கலண்டரில் பேனையால வட்டம் போட்டு, போன் காட் வாங்கி வைத்து, அங்க விடியிற நேரம் பார்த்து எடுத்தவை. அப்பாமார் கடைசியில் ரிசீவரை வாங்கி "சுகமா இருக்கிறியளோ" என்று கேட்டதோட சரி. இப்ப வட்டம் போடுற வேலையைப் போன் செய்யுது. நல்லதுதான். ஆனால் அங்க எப்ப விடியும் என்று அம்மாவுக்கு மனப்பாடமாத் தெரிந்த விசயத்தைப் போன் தானாப் பார்க்கிறதில்லை.

நாட்காட்டியில் பிறந்தநாள் என்பது "முழுநாள்" நிகழ்வு. அதற்கு நேரவலயம் கிடையாது. நவம்பர் 5 என்றால், உங்கட போன் எந்த ஊரில் இருக்குதோ அந்த ஊரின் நவம்பர் 5. என்ர பெரியம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறா, நான் ரொறன்ரோவில். அன்றைக்குக் காலமை 9 மணிக்கு எனக்கு அறிவிப்பு வந்தால், அங்க பின்னேரம் ஆறரை அல்லது ஏழரை. கோயிலுக்குப் போய் வந்து, வந்தவைக்குத் தேத்தண்ணி குடுத்து, நாளே முடிந்துபோயிருக்கும்.

கணக்கை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. பெரியம்மா காலமை 6 மணிக்கு எழும்புவா. இலங்கை வருசம் முழுக்க ஒரே நேரத்தில் நிற்குது; கனடா மாறுது. கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. நவம்பர் முதல் ஞாயிறு விடியப்புறம் இங்க மணிக்கூடு மாறும். 2023இல் அந்த ஞாயிறு நவம்பர் 5ஆம் திகதியே வந்தது. அதனால 4ஆம் திகதி இரவு எட்டரைக்கு அனுப்பினால்தான் அவ எழும்பிற நேரத்துக்குப் போய்ச் சேரும். 2024இல் ஞாயிறு 3ஆம் திகதி. மணிக்கூடு ஏற்கனவே மாறிவிட்டதால, அதே 4ஆம் திகதி இரவு ஏழரை. அதாவது ரொறன்ரோவில் இருக்கிற எங்களுக்கு "முதல்நாள் இரவு" என்பதே அங்க பிறந்தநாள் விடியல். எழுதி வைத்துவிட்டுப் படுக்கிற நேரம் இல்லை அது, அனுப்புற நேரம். லண்டன் ஆட்களுக்கு வித்தியாசம் நாலரை, ஐந்தரைதான். அங்க காலமை ஆறு மணி என்றால் உங்களுக்கு நடுச்சாமம் தாண்டி இருக்கும். முதல்நாள் எழுதி நேரம் குறித்து வைக்கவேண்டிய ஆட்கள் நீங்கள்தான்.

ஐபோனில் பிறந்தநாள் அறிவிப்பை `Default Alert Times` என்ற இடத்தில் மாற்றலாம். அதில `1 day before (9 AM)` என்று ஒன்று இருக்கு. நான் அதைத்தான் வைத்திருக்கிறன். முதல்நாள் காலமை ஞாபகம் வரும், மத்தியானச் சாப்பாட்டு நேரம் எழுதுவன், இரவு அனுப்புவன்.

எழுதுறதும் அனுப்புறதும் ஒரே வேலை இல்லை. தோழர்களுக்கு மின்னஞ்சல் என்றால் ஜிமெயிலில் காலமை 7 மணிக்கு என்று நேரம் குறித்து விடலாம். எங்கட போன் செத்துக் கிடந்தாலும் அது கூகுளின் பக்கத்திலிருந்து போகும். வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். இரவு பதினொன்றுக்கு எழுதின சொல் காலமை ஏழுக்குப் போகுது. அந்த எட்டு மணித்தியாலத்தில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. ஒரு வீட்டில சாவு விழுந்தால் எங்கட ஆட்கள் 31ஆம் நாள் அந்தியேட்டி வரைக்கும் துடக்கு என்பினம், ஆட்டத்திவசம் முடியுமட்டும் கொண்டாட்டம் ஒன்றும் வைக்காயினம். அந்த வீட்டுப் பிள்ளைக்கு பலூன் படத்தோட ஒரு வாழ்த்துப் போய் விழுகிறதை நினைச்சுப் பாருங்கோ. தடுப்புமுகாமுக்குப் பிடித்துக்கொண்டு போன ஒருத்தருக்கும் அப்படித்தான்.

அதனால நான் பிரித்து வைத்திருக்கிறன். இந்தக் கிழமை முகம் பார்த்துக் கதைத்த ஆளுக்கு நேரம் குறித்து அனுப்புறன். படுக்கமுதல் ஒருக்காக் குடும்பக் குழுவைப் பார்ப்பன். ஏதும் நடந்திருந்தால் ஜிமெயிலின் `Scheduled` பகுதிக்குப் போய் நிறுத்தலாம், செய்தி வரைவாகத் திரும்பி வரும். மாதக்கணக்கில் கதைக்காத ஆளுக்கு வாட்ஸ்அப் பெட்டியில் எழுதி அப்படியே விட்டால் போதும். அழியாது, வரைவாக நிற்கும். அனுப்பமுதல் அவையின்ர கடைசிச் செய்தியைக் கண் தானாப் பார்க்கும். அதுதான் எனக்குத் தேவை.

இறந்துபோனவரின் இலக்கத்தை அழிக்க மனம் வராது. அழிக்கத் தேவையும் இல்லை; அந்தத் தொடர்பில் இருக்கிற பிறந்த திகதியை மட்டும் எடுத்துவிடுங்கோ. எடுத்த பிறகும் ஞாபகப்படுத்துது என்றால், அதே ஆள் வேறொரு கணக்கிலும் சேமிக்கப்பட்டிருக்கிறார். ஒரே பெயர் ஒரே நாளில் இரண்டுதரம் வருகிறதுதான் அதற்கு அடையாளம். இரண்டிலும் எடுக்கவேணும்.

இன்னொன்று, வருசம். வாழ்த்துச் சொல்லப் பிறந்த வருசம் தேவையில்லை. பெயர், பிறந்த நாள், வருசம் மூன்றும் சேர்ந்தால் அது வாழ்த்துக்கான தகவல் இல்லை, அடையாள அட்டை. பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தில் 7ஆம் அட்டவணை இருக்கு. விமான நிலையத்தில் சந்தேகம் எதுவும் இல்லாமலே ஆளை மறித்து விசாரிக்கவும் போனைப் பிரதி எடுக்கவும் அது அதிகாரிக்கு இடம் குடுக்குது. உங்கட போனில் இருக்கிறது உங்கட திகதி மட்டும் இல்லையே. தொடர்புக் கோப்பில் வருசம் இல்லாமல் இப்படி எழுதலாம்:

```
BDAY:--1105
```

ஐபோனில் வருசத்தை விட்டுவிட்டால் கோப்புக்குள்ள 1604 என்று எழுதி, "இதைக் காட்டாதே" என்றொரு குறிப்பும் போடும். அந்தக் குறிப்பை வாசிக்கத் தெரியாத செயலிக்கு மாற்றினால் உங்கட மச்சாளுக்கு நானூறு வயது தாண்டியிருக்கும். பயப்படாதேங்கோ, வருசத்தை அழித்தால் சரி.

திகதியே பிழையாகவும் இருக்கலாம். பிறந்த திகதி தெரியாத அகதிகளுக்கு ஜனவரி 1 என்று அதிகாரிகள் எழுதிவிட்டது பல நாடுகளில் நடந்திருக்கு. வேற ஆளின்ர பாஸ்போட்டில வந்து, அந்தத் திகதியோடயே வாழுறவையும் இருக்கினம். அப்படியானவைக்குப் படிவத்தில் இருக்கிற நாளில் வாழ்த்து வந்தால், அது விண்ணப்பம், விசாரணை, நேர்காணல் எல்லாத்தையும் ஞாபகப்படுத்தும். எங்கட உறுப்பினர் படிவத்திலிருந்து திகதிகளைத் தொடர்புப் பட்டியலுக்கு இறக்கக்கூடாது என்று நான் சொல்லுறது அதனாலதான். ஆளிட்டக் கேட்டு எழுதவேணும். "உங்களுக்கு எப்ப பிறந்தநாள் சொல்லவேணும்?" என்று கேட்டால் போதும். சிலர் அம்மா சொன்ன நாளைச் சொல்லுவினம், சிலர் நட்சத்திரத்தைச் சொல்லுவினம். நட்சத்திரம் வருசா வருசம் வேற திகதியில வரும். அதைப் பஞ்சாங்கம் பார்த்துக் கையாலதான் போடவேணும். சிலர் "வேண்டாம்" என்பினம், அவையின்ர இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

இந்தக் கூட்டத்தில் ஜனவரி 1 என்று பதிந்திருக்கிற இரண்டு பேர் இருக்கிறியள். முடிஞ்சதும் உங்களிட்ட வந்து கேட்பன்.