எங்கள் வீட்டுக் கறி

என் மனைவி மலாய்க்காரர். தொழுகையில் எங்களுக்குள் வேற்றுமை இல்லை, சமையற்கட்டில்தான் வழக்கு.

கல்யாணமான புதிதில் ஒரு விருந்து. "கறி வெந்துருச்சான்னு பாரும்மா" என்றார்கள் என் அம்மா. குழம்பு கொதிப்பதைப் பார்த்துவிட்டு அவர் தலையாட்டினார். இலையில் விழுந்த இறைச்சி ரப்பராக இருந்தது. நமக்குக் கறி என்றால் இறைச்சி, குழம்பு என்றால் ஆணம். நம் சொல்தான் மலாயில் 'காரி' ஆனது; ஆனால் அங்கே அது குழம்பு. இப்போது எங்கள் வீட்டில் மாட்டிறைச்சிக்கு 'டாகிங்' என்றே பெயர், அம்மா வாயிலும். ஆணத்தை மட்டும் அவர்கள் விட்டுத்தரவில்லை.

பெரிய பஞ்சாயத்து தெம்போயாக்தான். டுரியான் சுளையில் உப்புப் பிசைந்து, போத்தலில் அடைத்துச் சில நாள் புளிக்க வைப்பது. கெட்டுப்போனது என்று அம்மா ஒருமுறை கொட்டிவிட்டார்கள். மனைவி அன்று சாப்பிடவில்லை. மறுவாரம் பாத்தின் மீனும் மஞ்சளும் சிலி பாடியும் சேர்த்து அதையே சமைத்து வைத்தார். அம்மா விரலில் தொட்டுப் பார்த்து, "நாம புளி ஊத்துறோம், நீ இதைப் போடுறே, அவ்வளவுதானே?" என்றார்கள். இன்றும் சாப்பிடமாட்டார்கள்; போத்தலைத் தொடுவதுமில்லை.

நோன்புக் கஞ்சிக்கு இன்னும் சமரசம் ஆகவில்லை. வெந்தயம் கசக்கிறது என்கிறார் அவர். வெந்தயம் இல்லாவிட்டால் அது கஞ்சியே இல்லை என்கிறார்கள் அம்மா.