வராதவர் எழுத வேண்டிய கடிதம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கிடைத்த வேலையை வேண்டாம் என்று எழுதுவது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் நான் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1989-இல் நான் இங்கே இயந்திரவியல் முடித்தபோது, கோவையில் ஒரு பம்பு தொழிற்சாலையிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தது. பதினைந்து நாளில் பதில் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதாம் நாள் சென்னையில் இன்னொரு நிறுவனத்திலிருந்து, இதைவிட நல்ல சம்பளத்தில், பதிவுத் தபாலில் உத்தரவு வந்தது. அன்றைக்கே சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டு ரயில் ஏறிவிட்டேன். கோவைக்காரர்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. திமிர் இல்லை, கூச்சம். 'எப்படி எழுதறது, என்ன நினைப்பாங்க? பதில் போகலைன்னா அவங்களே புரிஞ்சுக்குவாங்க' என்று இருந்துவிட்டேன்.

ஆறு வருஷம் கழித்து, எங்கள் நிறுவனத்துக்கு ஆர்டர் கேட்டு அதே தொழிற்சாலைக்குப் போக வேண்டி வந்தது. என்னை நேர்முகம் கண்ட ஒர்க்ஸ் மேனேஜர் அதே நாற்காலியில் இருந்தார். பெயரைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டார். காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க வரலைங்கிறதுல எனக்கு வருத்தமே இல்லீங்க. லிஸ்ட்ல ரெண்டாவதா ஒரு பையன் இருந்தான். கஷ்டப்பட்ட குடும்பம். நீங்க ஒரு போஸ்ட் கார்டு போட்டிருந்தா அவனைக் கூப்பிட்டிருப்பேன். உங்க பதிலுக்காக ஒரு மாசம் பார்த்தோம். அதுக்குள்ள அவன் வேற ஏதோ வேலைக்கு, வடக்க போயிட்டான்."

அந்தக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை. அதுவரை அந்தக் கடிதம் எனக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். நடுவில் மூன்றாவதாக ஒருவன் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

பின்னாளில் நானே ஆள் எடுக்கும் இடத்துக்கு வந்தேன். அப்போது ஒரு பெண்ணிடமிருந்து வந்த மறுப்புக் கடிதம்தான் எனக்குப் பாடம். நாங்கள் அவருக்குத் திங்கட்கிழமை வேலை கொடுத்து, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தோம். புதன்கிழமை அவருக்கு வேறொரு இடத்தில், அவர் விரும்பிய வடிவமைப்புப் பிரிவில் வேலை வந்துவிட்டது. அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், வந்தது நியமன உத்தரவுதானா, அல்லது 'தருவதாக இருக்கிறோம்' என்கிற கடிதமா என்று பார்த்தார். இந்த இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மருத்துவப் பரிசோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு என்று நிபந்தனை ஏதும் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்தார். கையெழுத்திட்டு அனுப்பி, கிடைத்தது என்று அவர்கள் பதில் போட்ட பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார். வாய்ப்பேச்சை நம்பி இருப்பதை விட்டுவிட்டு, இரண்டும் இல்லாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, மறுநாள் வரை காத்திராமல் அன்றைக்கே எனக்கு டெலிபோன் செய்தார். இரண்டே நிமிடம். அரை மணி நேரத்தில் மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, தொலைபேசியில் சொன்னதை இதன் மூலம் உறுதி செய்கிறேன். பயிற்சிப் பொறியாளர் பணிக்குத் தாங்கள் அளித்த வாய்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை. வடிவமைப்புப் பிரிவில் ஒரு பணி கிடைத்து, அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். நேர்முகத்தன்று தாங்களே என்னைச் சோதனைக் கூடத்துக்கு அழைத்துப்போய், வால்வை மூட மூட அழுத்தமானி ஏறுவதைக் காட்டினீர்கள். புத்தகத்தில் வரைபடமாக மட்டும் பார்த்ததை அன்று கண்ணால் பார்த்தேன். அதற்கு என் நன்றி. வேறொருவரைத் தேர்ந்தெடுக்கத் தங்களுக்கு நேரம் வேண்டும் என்பதால் இன்றே தெரிவிக்கிறேன்."

அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பாருங்கள்.

மறுப்பு இரண்டாவது வரியிலேயே வந்துவிட்டது. 'சூழ்நிலை சரியில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று இழுத்தால், படிக்கிறவர் இன்னும் வருவார் என்று நினைத்துக் காத்திருப்பார். காரணம் ஒரே வரி, அதுவும் உண்மை. சம்பளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. 'அங்கே அதிகம் தருகிறார்கள்' என்று எழுதினால், என்னைப் போன்றவன் அதைப் பேரம் என்றுதான் எடுத்துக்கொள்வான். 'சரி, நாங்களும் கூட்டித் தருகிறோம்' என்று பதில் போடுவான். ஒரு இடத்தில் சொல் கொடுத்துவிட்டு, அப்புறம் அந்தச் சங்கடம் எதற்கு? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய்யும் இல்லை. ஒரு தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஆறு மாதத்தில் வெளியே வந்துவிடும்.

'எதிர்காலத்தில் கட்டாயம் வருவேன்' என்ற வாக்குறுதியும் இல்லை. ஆனால் அந்த அழுத்தமானி இருக்கிறதே, அதுதான் உறவைக் காப்பாற்றியது. 'தங்கள் அன்புக்கு நன்றி' என்பதை எந்தக் கம்பெனிக்கும் எழுதலாம். அன்று சோதனைக் கூடத்தில் நின்றவர் மட்டும்தான் அந்த வரியை எழுத முடியும். அரை நாள் அந்தப் பெண்ணுக்காகச் செலவழித்தது வீணில்லை என்று எனக்குப் பட்டது.

பட்டியலில் இரண்டாவதாக இருந்த பையனை அன்று மாலையே கூப்பிட்டேன். அடுத்த வாரம் சேர்ந்துவிட்டான். அந்தப் பெண் சில வருஷம் கழித்து, தன் நிறுவனத்தின் சார்பில் ஒரு வரைபடம் பற்றிப் பேச எங்களிடம் வந்தார். ரெண்டு பேருக்கும் எந்தக் கூச்சமும் இல்லை. நேராக வேலையைப் பேசினோம்.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் முதல் இடத்துக்கு நீங்கள் இன்னும் சம்மதம் சொல்லாதபோது. அங்கேயும் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், அது மறுப்பு இல்லை, சொல் மாறுவது. வெறும் கடிதம் போதாது. முதலில் ஒப்பந்தத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று படியுங்கள். நேரிலோ போனிலோ பேசி, 'என் தவறு' என்று ஒப்புக்கொண்டு, விடுவிக்கும்படி கேளுங்கள். அப்போதும் கசப்பு மிஞ்சலாம், அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். கல்லூரி வழியாக வந்த வேலையென்றால், முதலில் வேலைவாய்ப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். ஒரு வேலை கிடைத்தவர் அடுத்ததற்கு உட்காரக் கூடாது என்று பல கல்லூரிகளில் விதியே இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் நின்றுவிட்டால், அந்தக் கம்பெனி அடுத்த வருஷம் வராது. அடிபடுவது உங்கள் ஜூனியர்.

வடக்கே போன அந்தப் பையன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நன்றாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். அவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைத்தான், அவன் வயதில் இருக்கும் உங்கள் முன்னால் இன்று சொன்னேன்.