வயிற்றோட்டத்துக்குச் சேலைன் எப்போது?



வயிற்றோட்டம் மூன்று நாளானால் "சேலைன் ஏத்தினால்தான் சரிவரும்" என்கிறீங்க. நாட்கணக்கைப் பார்த்துச் சேலைன் ஏத்துவதில்லை. குடிக்க முடிகிறதா, சலம் போகிறதா என்றுதான் பார்க்க வேணும்.

1971இல் வங்காளதேச அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. சேலைன் போதாதபோது டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாயால் குடிக்கக் கொடுத்தே பெரும்பாலானோரைக் காப்பாற்றினார். நம்ம ஜீவனியும் அந்த வகைதான். ஒரு பைக்கற்றை முழுசாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கலக்கணும். ஒரு தம்ளரில் கொட்டினால் உப்பு கூடிவிடும்.

வெயிலில் வேலை செய்யும் ஒருவருக்கு மூன்றாம் நாள் என்று வைப்போம். பத்துத் தடவை போயிட்டுது. நாக்கு வறட்சி, சலம் கடும் மஞ்சள், எழும்பினால் தலைச்சுற்று. ஆனால் வாந்தி இல்லை. நாலு மணித்தியாலத்தில் இரண்டு மூன்று லீற்றரை மெதுவாகக் குடித்து, சலம் தெளிந்தால் சேலைன் வேண்டாம். பிறகு ஒவ்வொரு முறை போனதும் ஒரு தம்ளர். (இருதய, சிறுநீரக வருத்தக்காரர் டாக்டரைக் கேட்டே இவ்வளவு குடிக்கணும்.)

குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டாலோ, கைகால் குளிர்ந்து பேச்சுத் தடுமாறினாலோ சேலைன்தான். உடனே சம்மாந்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.

மலப் பரிசோதனை எல்லாருக்கும் தேவையில்லை. இரத்தம் போனால், கடும் காய்ச்சல் இருந்தால், ஒரு கிழமை தாண்டினால் செய்யணும். சுத்தமான, காய்ந்த போத்தலில், சலம் கலக்காமல் எடுத்து அரை மணித்தியாலத்துக்குள் கொடுங்க. ஆறிப்போனால் அமீபாவின் அசைவு தெரியாது. இரத்தம் போகும்போது ஓட்டத்தை நிறுத்தும் குளிசையைக் கடையில் வாங்கிப் போடாதீங்க. கிருமி உள்ளேயே தங்கிவிடும்.